அடுப்படிக்கு எந்தத் தீயணைப்பான், எத்தனை கிலோ, முள் எங்கே நிற்க வேண்டும்?

தீயணைப்பான் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது, "எத்தனை கிலோ சார்?" என்பதைத்தான். நாமும் சுவரில் இருக்கும் இடத்தையும் பையில் இருக்கும் காசையும் பார்த்து, ஒரு கிலோ என்றோ இரண்டு கிலோ என்றோ சொல்லிவிடுகிறோம். கிலோ இரண்டாவதாகக் கேட்க வேண்டியது. உள்ளே என்ன அடைத்திருக்கிறது என்பதை முதலில் கேட்க வேண்டும். அதற்கும் முன்னால், நம் அடுப்படியில் எதெல்லாம் தீப்பிடிக்கும் என்று ஒரு தடவை சுற்றிப் பார்க்க வேண்டும்.

பார்ப்பதற்கு ஒரு வீடு வேண்டுமே. மதுரை திருநகரில் என் அக்கா வீட்டு அடுப்படியை எடுத்துக்கொள்கிறேன். பத்துக்கு எட்டு அடி அறை. ஹாலுக்கு ஒரு வாசல், அதற்கு நேர் எதிரே ஜன்னல். ஜன்னலடியில் மேடை, மேடைமேல் அடுப்பு, கீழே 14.2 கிலோ கேஸ் சிலிண்டர். பக்கச் சுவரில் மிக்சிக்கும் கிரைண்டருக்கும் ஒரே சுவிட்ச் போர்டு. அன்றாடம் தாளிப்பும் அப்பளமும்தான். தீபாவளி, கார்த்திகை வந்தால் சட்டி நிறைய எண்ணெய் வைத்துப் பலகாரம். நம் ஊர்ப் பக்கத்து வீடுகளில் பாதி இப்படித்தான் இருக்கும்.

இந்த அறையில் மூன்று விதமாகத் தீ வரலாம். சட்டி எண்ணெய் பற்றிக்கொள்ளலாம். கேஸ் கசிந்து பற்றலாம். மற்றதெல்லாம் ஒரு வகை: கரித்துணி, ஜன்னல் திரை, பழைய பேப்பர், பிளாஸ்டிக் டப்பா, மிக்சி மோட்டார், சுவிட்ச் போர்டு. மூன்றாவதுக்குக் கடையில் கிடைக்கும் சாதாரணத் தீயணைப்பானே போதும். முதல் இரண்டும் அப்படியல்ல, அவற்றைத்தான் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

எண்ணெய்த் தீ

அடுப்பில் வைத்த எண்ணெயை மறந்துவிட்டால் முதலில் புகை வரும். அப்போதும் அணைக்காவிட்டால், பலகாரம் வேகும் 180 டிகிரியைத் தாண்டி ஏறிக்கொண்டே போய், 350 டிகிரியை ஒட்டி எங்கோ ஓர் இடத்தில் தீப்பொறியே இல்லாமல் தானாகப் பற்றிக்கொள்ளும். இந்தத் 'தானாக' என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. மேலே எரியும் சுவாலையை அணைத்துவிட்டாலும் கீழே இருக்கும் எண்ணெய் அதே சூட்டில்தான் இருக்கிறது. காற்று பட்டதும் மறுபடி பற்றும். சுவாலையை அணைத்தால் மட்டும் போதாது, எண்ணெய் ஆற வேண்டும் அல்லது காற்று படாமல் மூடிக் கிடக்க வேண்டும்.

தண்ணீர் ஊற்றக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். காரணம் தெரிந்திருந்தால் பதற்றத்திலும் கை போகாது. தண்ணீர் எண்ணெயைவிடக் கனம். ஊற்றியதும் அடியில் இறங்கி அங்கேயே ஆவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஆயிரத்து அறுநூறு லிட்டருக்கும் மேல் இடம் வேண்டும். அந்த ஆவி எரியும் எண்ணெயைத் துளித்துளியாக மேலே தூக்கி எறியும். சட்டியளவில் இருந்த தீ கூரையளவுக்கு எழும்பும். அரை டம்ளர் தண்ணீரே இதற்குப் போதும்.

அடுத்து, அலுவலகங்களில் கம்ப்யூட்டர் அறைக்குள் வைத்திருப்பார்களே, வாய் அகன்ற குழாயோடு கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான், அதுவும் இங்கே உதவாது. வேகமாகச் சீறும் வாயு எண்ணெயைச் சட்டிக்கு வெளியே சிதறடிக்கும். வாயு கலைந்ததும் சூடான எண்ணெய் திரும்பப் பற்றும்.

கடைகளில் அதிகம் விற்பது ஏ.பி.சி. பவுடர். உள்ளே இருப்பது மோனோ அம்மோனியம் பாஸ்பேட் என்ற மஞ்சள் தூள். நம் நாட்டு முறைப்படி 'ஏ' என்றால் துணி, மரம், காகிதம். 'பி' என்றால் எரியும் திரவம். 'சி' என்றால் எரியும் வாயு. அமெரிக்கப் பழக்கத்தில் 'சி' மின்சாரத் தீயைக் குறிக்கும். இணையத்தில் அந்த ஊர் வீடியோக்களைப் பார்த்துவிட்டுக் குழம்புகிறவர்கள் பலர். 'பி' இருக்கிறதே, எண்ணெயும் திரவம்தானே என்று தோன்றும். பெட்ரோல், டீசல் மாதிரியான தீக்கு அது சரி. சமையல் எண்ணெயில் பவுடர் சுவாலையை ஒரு நொடியில் அடக்கிவிடும், ஆனால் எண்ணெயை ஆற்றாது. பக்கத்தில் நின்று அடித்தால் சட்டி எண்ணெயைத் தெறிக்கவும் வைக்கும்.

சமையல் எண்ணெய்க்கென்றே வந்தது ஈர ரசாயன வகை. கடைகளில் 'கே டைப்' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். ஐரோப்பிய முறையில் 'எஃப்' என்று அச்சிட்டிருக்கும். உள்ளே பொட்டாசியம் உப்புகள் கரைந்த தண்ணீர் இருக்கும். தண்ணீரா என்று பதற வேண்டாம். நீண்ட குழாய் முனையிலிருந்து அது நுண்ணிய தூறலாக, மெதுவாக வந்து எண்ணெயின் மேல் படியும். சூடான எண்ணெயோடு சேர்ந்ததும் மேற்பரப்பில் சோப்பு நுரை போன்ற ஓர் ஏடு கட்டும். எண்ணெயும் காரமும் சேர்ந்தால் சோப்பு ஆகும் அதே வேலைதான். அந்த ஏடு காற்றைத் தடுக்கிறது, தூறல் சூட்டை இறக்குகிறது. அதனால் திரும்பப் பற்றுவதில்லை.

அப்படியானால் எல்லோரும் கே டைப் வாங்கிவிடலாமே? இரண்டு குறைகள் இருக்கின்றன. கேஸ் தீயை அது அடக்காது. உள்ளே தண்ணீர் இருப்பதால் சுவிட்ச் போர்டு பக்கமும் நீட்டக் கூடாது. அடுப்படிக்கு ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், அது கே டைப்பாக இருக்க முடியாது.

வீட்டளவு எண்ணெய்த் தீக்கு இரண்டையும்விட நல்லது ஒன்று ஏற்கெனவே அடுப்படியில் இருக்கிறது: சட்டியைவிடப் பெரிய தட்டு அல்லது தாம்பாளம். எண்ணெய் பற்றியதும் அடுப்புத் திருகை அணைக்க வேண்டும். சுவாலை கையைச் சுடும் என்றால் சிலிண்டரில் ரெகுலேட்டரை அணைக்கலாம். பிறகு தட்டைச் சட்டியின் ஓரத்திலிருந்து நம் முகத்துக்கு மறைப்பாகப் பிடித்து, அப்படியே சரித்து மூட வேண்டும். மேலிருந்து தொப்பென்று போடக் கூடாது. கண்ணாடி மூடி வேண்டாம், சூட்டில் வெடிக்கும். மூடிய பிறகு சட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடவும் கூடாது. தீக்காயங்கள் நிறைய அந்த ஓட்டத்தில்தான் வருகின்றன. அரை மணி நேரமாவது திறக்காமல் கிடக்கட்டும். பலகாரம் சுடும் நாளில் அந்தத் தட்டு அலமாரியில் இருந்து பயனில்லை, அடுப்புக்குக் கை எட்டும் இடத்தில் சாய்த்து வைத்திருக்க வேண்டும்.

கேஸ் தீ

கேஸ் தீயில் சுவாலையை அணைப்பது வெற்றி அல்ல, சில சமயம் ஆபத்தே அதுதான். டியூப் வெடிப்பிலிருந்து சுவாலை சீறுகிறது என்று வைத்துக்கொள்வோம். பவுடரை அடித்தால் அணைந்துவிடும். ஆனால் கேஸ் வந்துகொண்டே இருக்கும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். தரையோடு படர்ந்து மேடைக்கு அடியிலும் ஹாலிலும் தேங்கும். யாராவது எக்சாஸ்ட் ஃபேன் சுவிட்சைத் தட்டினால் அறையே வெடிக்கும். எரிந்துகொண்டிருந்த கேஸ் அவ்வளவு தொல்லை கொடுத்திருக்காது.

அதனால் கை எட்டுமானால் முதல் வேலை ரெகுலேட்டரை அணைப்பது. கேஸ் நின்றதும் தீ தானாகவே நின்றுவிடும், பவுடருக்கு வேலையே இல்லை. சுவாலை ரெகுலேட்டரை மறைத்துக்கொண்டிருந்தால் மட்டும் பவுடரை அடித்துச் சுவாலையைத் தாழ்த்தி, அந்த நொடியிலேயே ரெகுலேட்டரை அணைக்க வேண்டும். இது பழகிய இருவர் செய்யும் காரியம். சிலிண்டர் வாயிலேயே எரிகிறது, அணைக்க வழியில்லை, சிலிண்டர் சூடாகிறது என்றால் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு 101 அல்லது 112-க்குச் சொல்வதுதான் சரி. தீயில்லாமல் வெறும் கசிவு என்றால் 1906. அந்த எண்ணையும் வீட்டுக்கு வெளியே வந்துதான் அழைக்க வேண்டும்.

அக்கா வீட்டுக்கு எது?

இதுவரை சொன்னதைக் கூட்டினால் முடிவு கிடைக்கிறது. எண்ணெய்க்குத் தட்டு இருக்கிறது. கேஸுக்கு ரெகுலேட்டர் இருக்கிறது, அது முடியாதபோது பவுடர் வேண்டும். துணிக்கும் மின்சாரத்துக்கும் பவுடர் வேண்டும். (மின்சாரத் தீ என்றால் மெயினை அணைத்துவிட்டு அடிப்பது நல்லது; பவுடர் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் அவசரத்துக்கு அப்படியே அடித்தாலும் ஷாக் அடிக்காது.) ஆகவே சாதாரண வீட்டுக்கு ஏ.பி.சி. பவுடர்தான்.

எத்தனை கிலோ? ஒரு கிலோ பாட்டில் பார்க்க அழகாக, விலை குறைவாக இருக்கும். காருக்கு வாங்குவது அதுதான். ஆனால் பிடியை அழுத்தினால் ஏழெட்டு விநாடியில் காலி. முதல் முறை பிடிப்பவருக்கு இரண்டு விநாடி குறி தவறிப் போகும். மிச்சம் ஐந்து விநாடி. நாலு கிலோ பாட்டில் கூடுதல் நேரம் வரும், கூடுதல் தீயைத் தாங்கும். ஆனால் உருளையும் பவுடரும் சேர்ந்து ஆறரை, ஏழு கிலோ கனக்கும். அக்கா வீட்டில் பகல் முழுக்க இருப்பது அக்காவும் அறுபத்தெட்டு வயது மாமியாரும். மாமியார் அதை ஆணியிலிருந்து இறக்கி, ஒரு கையால் பிடியை அழுத்தி, இன்னொரு கையால் குழாயைத் திருப்ப முடியுமா? முடியாது. இரண்டு கிலோ பாட்டில் மொத்தமே நாலு கிலோவுக்குள் இருக்கும். அதுவும் பத்து விநாடி சுமாருக்குத்தான் வரும், ஆனாலும் பவுடர் இன்னும் அடர்த்தியாக வந்து விழும். அக்கா வீட்டுக்கு இரண்டு கிலோ என்று முடிவானது இப்படித்தான். இரண்டு கிலோவிலும் சிறு ரப்பர் குழாய் உள்ளதையே கேட்டு வாங்குங்கள். வால்விலேயே முனை பொருத்தியதாக இருந்தால், மேடைக்கு அடியில் எரியும்போது பாட்டிலையே சாய்க்க வேண்டிவரும்.

லேபிளில் '1ஏ', '21பி' என்பதுபோல எழுத்துக்கு முன்னால் ஓர் எண் இருக்கும். சோதனையில் எவ்வளவு பெரிய தீயை அணைத்தது என்பதன் அளவு அது. ஒரே எடையில் இரண்டு கம்பெனிப் பாட்டில்கள் இருந்தால் எண் பெரியதை எடுங்கள். அதோடு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 15683 என்ற தர எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். முத்திரைக்கு அடியில் உள்ள சி.எம்./எல். என்ற உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் தட்டினால், அந்த உரிமம் யாருக்குக் கொடுத்தது, இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று வந்துவிடும். கடையில் நின்றபடியே பார்க்கலாம். முகம் சுளிக்கிற கடைக்காரரிடம் வாங்க வேண்டாம்.

அக்காவின் அடுத்த வீட்டு அத்தைக்குக் கணக்கு வேறு. அவர் ஆர்டர் எடுத்து முறுக்கு, அதிரசம் போட்டுக் கொடுக்கிறவர். வாரத்தில் நாலைந்து நாள் பெரிய இருப்புச்சட்டியில் ஐந்து, ஆறு லிட்டர் எண்ணெய் காய்கிறது. அந்தச் சட்டியை மூடும் தட்டு வீட்டில் இருக்காது; இருந்தாலும் அந்தச் சூட்டில் பக்கத்தில் போக முடியாது. அத்தைக்கு இரண்டு கிலோ ஏ.பி.சி.யோடு ஒரு கே டைப்பும் வேண்டும். இரண்டு லிட்டரில் தொடங்குகிறது. எண்ணெய் இந்த அளவு என்றால் நான் நாலு லிட்டரே வாங்கச் சொல்வேன். லேபிளில் எஃப் அளவு போட்டிருந்தால் அதைப் பார்த்தே முடிவு செய்யலாம். 5எஃப் என்றால் ஐந்து லிட்டர் எண்ணெய்த் தீயை அணைத்துக் காட்டியது, 25எஃப் என்றால் இருபத்தைந்து லிட்டர்.

மாட்டும் இடத்தைப் பற்றி ஒரே ஒரு சொல். அடுப்புக்கு மேலேயோ பக்கத்திலோ மாட்டினால், தீப்பிடித்த அன்று தீயைத் தாண்டிப் போய் எடுக்க வேண்டும். ஹால் வாசலை ஒட்டி, இடுப்பு உயரத்தில், கதவு திறந்தால் மறையாத பக்கம். எடுத்ததும் முதுகுக்குப் பின்னால் வெளியேறும் வழி இருக்க வேண்டும்.

முள் என்ன சொல்கிறது

பவுடர் தானாக வெளியே வராது. பாட்டிலுக்குள் நைட்ரஜன் வாயுவை அழுத்தி அடைத்திருக்கிறார்கள். பிடியை அழுத்தினால் வாயு பவுடரைத் தள்ளிக்கொண்டு உள்குழாய் வழியாக வரும். அந்த வாயு அழுத்தம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைத்தான் பிடிக்குக் கீழே உள்ள சின்ன வட்டக் கேஜ் காட்டுகிறது. நடுவில் பச்சை, இரு பக்கமும் சிவப்பு. முள் பச்சையில் இருந்தால் அழுத்தம் சரி. இடது சிவப்பில் இருந்தால் வாயு கசிந்துவிட்டது. பவுடர் முழுசாக இருந்தாலும் தள்ள ஆளில்லை. வலது சிவப்பு என்றால் அளவுக்கு மீறி அடைத்திருக்கிறார்கள், அல்லது கேஜ் பழுது. இரண்டு சிவப்பும் கடைக்குத் திரும்பப் போக வேண்டியவையே.

நம் ஊர் வெயிலுக்கு முள் ஏறாதா என்று கேட்பார்கள். ஏறும், ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. பெரும்பாலான பவுடர் பாட்டில்களில் 27 டிகிரியில் 15 பார் அழுத்தம் என்று அடைத்திருப்பார்கள். சித்திரை வெயிலில் அடுப்படி 42 டிகிரிக்குப் போகிறது என்று வைப்போம். வாயுக் கணக்கில் வெப்பத்தோடு 273-ஐக் கூட்ட வேண்டும். 300 இருந்தது 315 ஆகிறது, அதாவது நூற்றுக்கு ஐந்து கூடுகிறது. 15 பார் 15.75 ஆகும். மார்கழி விடியற்காலை 20 டிகிரியில் 14.65 ஆக இறங்கும். கோடைக்கும் குளிருக்கும் நடுவே மொத்த ஆட்டம் ஒரு பாரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். பச்சைப் பட்டைக்குள்ளேயே இது அடங்கிவிடும். ஆகவே "வெயிலுக்கு இறங்கியிருக்கும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வெயிலுக்கு ஏறத்தான் செய்யும். "குளிருக்கு இறங்கியிருக்கு" என்று சிவப்பில் நிற்கும் பாட்டிலை நியாயப்படுத்தினாலும் அது பொய்.

பச்சைக்குள்ளேயே மெதுவாகக் கசியும் பாட்டிலை எப்படிக் கண்டுபிடிப்பது? வாங்கிய அன்று கேஜை நேருக்கு நேராக வைத்து ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். சாய்வாகப் பார்த்தால் முள் தள்ளித் தெரியும். அப்புறம் புது சிலிண்டர் மாட்டும் போதெல்லாம் கேஜைப் பார்த்து, அந்தப் போட்டோவோடு ஒப்பிடுங்கள். நாலு பேர் வீட்டில் ஒரு சிலிண்டர் மாதம், ஒன்றரை மாதம் வரும். பார்க்க வேண்டிய இடைவெளியும் அதுதான். தனியாக ஞாபகம் வைக்க வேண்டியதில்லை. மூன்று நாலு சிலிண்டர் போவதற்குள் முள் பச்சையின் நடுவிலிருந்து இடது ஓரத்துக்கு நகர்ந்திருந்தால், இன்னும் பச்சைதானே என்று விடாதீர்கள். அது தட்பவெப்பத்தின் வேலையல்ல, கசிவு.

கேஜை விரலால் லேசாகத் தட்டிப் பார்ப்பதும் நல்லது. முள் அசையக் கூடாது. தட்டியதும் துள்ளி வேறு இடத்தில் நின்றால் அதுவரை சிக்கிக்கொண்டிருந்தது என்று அர்த்தம், அது காட்டியது எதையும் நம்ப முடியாது.

முள்ளுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது: பவுடரின் நிலை. வாயு சரியாக இருந்து பவுடர் கட்டியாகிப் போயிருந்தாலும் முள் பச்சையில்தான் நிற்கும். அதனால் கேஜைப் பார்க்கும் அதே நாளில் பாட்டிலை இறக்கி, மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்துக் காதருகே வைத்துக் கேளுங்கள். நல்ல பவுடர் சரசரவென்று இறங்கும். ஒரே இடத்தில் தொங்கி அடியில் படிந்திருந்தால் அடிப்பாகத்தை ரப்பர் சுத்தியலாலோ உள்ளங்கையாலோ தட்டினால் இளகிவிடும். தட்டியும் சத்தமே இல்லை, கனம் முழுக்க ஒரே பக்கம் நிற்கிறது என்றால் ஈரம் இறங்கிக் கட்டியாகிவிட்டது.

குழாய் முனையையும் எட்டிப் பாருங்கள். நம் பக்கத்து வீடுகளில் குளவி மண் கூடு கட்டாத ஓட்டை கிடையாது. அடைத்துக்கொண்ட முனையோடு பச்சை காட்டும் பாட்டில் வெறும் அலங்காரம். பிடியில் உள்ள பின்னும் அதைக் கட்டிய பிளாஸ்டிக் சீலும் அறுபடாமல் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். சீல் அறுந்திருந்தால் யாரோ அழுத்திப் பார்த்திருக்கலாம். பெரும்பாலும் விடுமுறைக்கு வந்த பிள்ளைகள்.

சோதித்துப் பார்க்கிறேன் என்று ஒரு நொடி அழுத்திப் பார்ப்பதுதான் பாட்டிலைக் கெடுக்க மிக எளிய வழி. வால்வு திறந்து மூடும்போது அதன் இருக்கையில் பவுடர்த் துகள் சிக்கிக்கொள்ளும், வால்வு முழுசாக மூடாது. அன்றைக்குப் பச்சையில் நின்ற முள் இரண்டு நாளில் சிவப்புக்கு வந்துவிடும். கொஞ்சமே பயன்படுத்தினாலும் மறுபடி நிரப்பத்தான் வேண்டும்.

கார்பன் டை ஆக்சைடு பாட்டிலில் கேஜே இருக்காது. அதை எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். 'கேஜ் இல்லாததால் போலி' என்று யாரோ அனுப்பிய செய்தியை நம்பி நல்ல பாட்டிலைத் தூக்கிப் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

எந்தத் தேதியைப் பார்ப்பது

பாட்டிலில் தேதிகள் ஒன்றுக்கு மேல் இருக்கும். அங்கேதான் ஏமாறுகிறோம். முதலாவது தயாரித்த மாதமும் ஆண்டும். உருளையிலேயே குத்தியிருக்கும் அல்லது கம்பெனி லேபிளில் அச்சாகியிருக்கும். இரண்டாவது, நிரப்பிக் கொடுத்த கடைக்காரர் ஒட்டிய சீட்டு: நிரப்பிய தேதி, அடுத்து நிரப்ப வேண்டிய தேதி. மூன்றாவது எங்கும் எழுதியிருக்காது, நாம்தான் கணக்குப் போட வேண்டும். பவுடர் பாட்டிலின் உருளைக்கு ஆயுள், தயாரித்த நாளிலிருந்து 10 ஆண்டு. அதற்குமேல் எத்தனை முறை நிரப்பினாலும் உருளை பழசுதான். உள்ளே 15 பார் அழுத்தம் இருக்கும் ஒரு தகரப் பாத்திரத்தின் அடி துருப்பிடித்தால் என்னாகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. உருளையில் 2017 ஜூலை என்று குத்தியிருக்கிறது. கடைக்காரர் சீட்டில் அடுத்து நிரப்ப வேண்டிய தேதி 2027 டிசம்பர் என்று எழுதியிருக்கிறார். சீட்டைப் பார்த்தால் டிசம்பர் வரை கவலையில்லை. உருளைக் கணக்கில் 2027 ஜூலையோடு ஆயுள் முடிந்துவிடுகிறது. சீட்டு ஜெயிக்காது, உருளைதான் ஜெயிக்கும். தயாரித்த தேதியின் மேலேயே சீட்டை ஒட்டிக் கொடுப்பதும் உண்டு. ஓரத்தைக் கிளப்பிப் பாருங்கள். புதிதாக வாங்கும்போதும் இதே கணக்குதான். மூன்று வருடம் கடையில் தூசி படிந்து கிடந்ததைப் புதிது என்று வாங்கினால், பத்தில் மூன்று ஆண்டைக் கடைக்கே விட்டுவிட்டு வருகிறோம்.

நடுவில் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை உருளையைத் தண்ணீர் அழுத்தம் கொடுத்துச் சோதிக்க வேண்டும் என்றும் ஒரு முறை உண்டு. வீட்டில் செய்கிற வேலையல்ல. நிரப்பும் கடையில் "ஹைட்ரோ டெஸ்ட் எப்போ பண்ணீங்க?" என்று கேட்டால், பதில் வருகிற விதத்திலேயே அந்தக் கடை எப்படி என்று தெரிந்துவிடும்.

ஆண்டுக்கு ஒரு தடவை தேதிகளைச் சரிபார்க்கச் சித்திரை ஒன்றாம் தேதியை வைத்துக்கொள்ளலாம். தீயணைப்புத் துறையின் தீத்தொண்டு வாரமும் ஏப்ரல் 14-இல்தான் தொடங்குகிறது. அந்த வாரத்தில் தீயணைப்பு வீரர்கள் பல இடங்களில் செய்முறை காட்டுவார்கள். திருநகர், திருமங்கலம் பக்கம் நடந்தால் பாட்டில் பிடித்துப் பழகிக்கொண்டு வரலாம்.

நிரப்பக் கொடுக்கும்போது

நிரப்புவதில் நடக்கும் மோசடி எளிமையானது: துடைத்து, சீல் கட்டி, புதுச் சீட்டு ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள். கேஜ் ஏற்கெனவே பச்சை, யாருக்குத் தெரியும்? இதைத் தடுக்கச் சுலபமான வழி, காலியாக்கியே கொடுப்பது. நிரப்பும் தேதி வந்ததும் பாட்டிலைக் கண்மாய்க்கரையிலோ காலி மனையிலோ எடுத்துப்போய், காய்ந்த சருகை ஒரு கை அளவு கொளுத்தி, வீட்டில் உள்ள ஒருவரை அணைக்கச் சொல்லுங்கள். காற்று முதுகுப் பக்கம் இருக்கட்டும். ஏழெட்டு அடி தள்ளி நின்று, பின்னை இழுத்து, குழாய் முனையைச் சுவாலையின் நுனிக்கு அல்ல, அடிக்குக் காட்டி, பிடியை அழுத்தி இடவலமாக வீச வேண்டும். பத்து விநாடி எவ்வளவு குறைவு என்பது கட்டுரை படித்துத் தெரிவதில்லை. அக்காவின் மாமியார் இப்படித்தான் பழகினார். முதல் மூன்று விநாடி பவுடர் முழுக்க வேலியோரம் போனது.

காலிப் பாட்டிலைக் கொடுக்கும்போது மளிகைக் கடைத் தராசில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்ப வந்ததும் மறுபடி போடுங்கள். இரண்டு கிலோ கூடியிருக்க வேண்டும். லேபிளில் நிரம்பிய எடை அச்சிட்டிருந்தால் அதோடும் ஒத்துப் போக வேண்டும். இன்னொன்றும் கேளுங்கள்: அழுத்தத்துக்கு நைட்ரஜன் அடைக்கிறார்களா, பஞ்சர்க் கடை கம்ப்ரசர் மாதிரிச் சாதாரணக் காற்றா? காற்றில் ஈரம் இருக்கும். ஐப்பசி மழையில் அப்படி அடைத்த பாட்டிலில் பவுடர் கட்டியாவதற்கு அதிக நாள் ஆகாது, முள் மட்டும் பச்சையில் நின்றுகொண்டிருக்கும்.

நிஜமாகவே அடுப்படியில் அடித்துவிட்டீர்கள் என்றால், அன்று திறந்திருந்த சாப்பாட்டுப் பொருள் எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம். மஞ்சள் தூளைத் தண்ணீர் விட்டுக் கழுவத் தொடங்காமல் முதலில் காய்ந்தபடியே கூட்டி அள்ளுங்கள். ஈரம் பட்டால் அது அமிலத்தன்மையோடு பித்தளையையும் அலுமினியத்தையும் அரிக்கும், மிக்சி மோட்டாருக்குள் போனால் மோட்டாரும் போகும். அள்ளி முடித்த பிறகு ஈரத்துணி. கேஸ் அடுப்பின் பர்னர் ஓட்டைகளைக் குத்திச் சுத்தம் செய்து, டியூபையும் ரெகுலேட்டரையும் கேஸ் ஏஜென்சி மெக்கானிக் பார்த்த பிறகே மறுபடி பற்ற வைக்க வேண்டும். பாட்டிலை அன்றைக்கே நிரப்பக் கொடுத்துவிடுங்கள்.